டிக் பெட்டியைத் தொடும் விரல் யாருடையது?

"வணக்கம் அக்கா. நானும் நண்பனும் திருநெல்வேலியில் இருந்துகொண்டு தமிழ் வாசிப்புப் பழகும் செயலி ஒன்று செய்கிறோம், 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு. பிள்ளை கதையைச் சத்தமாக வாசிக்கும், செயலி பதிவுசெய்யும், எங்களோடு வேலைசெய்யும் ஆசிரியை கேட்டுத் திருத்தம் சொல்லுவா. இரண்டு ரியூசன் நிலையங்கள் ஏற்கனவே கேட்டுவிட்டன. ரொறன்ரோ, லண்டன் சொந்தக்காரரும் கேட்கிறார்கள். தொடக்கத் திரையில் பெயர், பிறந்த திகதி, பாடசாலை கேட்கிறோம். கீழே 'அம்மா அப்பாவின் அனுமதியோடு பாவிக்கிறேன்' என்று ஒரு டிக் பெட்டி. சேர்வர் செலவுக்கு விளம்பரம் போட யோசனை. இந்தப் பெட்டி போதுமா? எப்படிப்பட்ட விளம்பரம் போடலாம்?"
— ஒரு வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

தம்பி, பெட்டி போதாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது கதைக்குப் போகும் வழியில் நிற்கிற ஒரு படலை, அவ்வளவுதான். தள்ளிவிட்டுப் போய்விடும். அம்மா சமையலறையில் இருப்பா. அந்த டிக் உங்கள் சேர்வரில் "பெற்றோர் ஒப்புதல்: ஆம்" என்று பதிவாகியிருக்கும், ஆனால் எந்தப் பெற்றோரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் பெட்டிக்குப் பதிலாக என்ன வைப்பது என்று உடனே யோசிக்க வேண்டாம். ஒப்புதல் கேட்பது செலவான வேலை. முதலில் எதற்கெல்லாம் ஒப்புதல் தேவைப்படாமல் செய்யலாம் என்று பாருங்கள். ஒரு தாளில், பிள்ளையின் போனை விட்டு வெளியே போகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வைத்தே எழுதினால் பெயர், பிறந்த திகதி, பாடசாலை, குரல் என்று நான்கு வரும். எந்தக் கதை வரை வாசித்தது என்ற கணக்கையும் சேர்வரில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது ஐந்து.

பிறந்த திகதி எதற்கு? கதையின் கடினத்தைத் தீர்மானிக்க என்றால் "தரம் 2" என்று ஒரு பொத்தான் போதும். வாசிப்புக்கு அதுதான் சரியான அளவும்கூட. லண்டனில் பிறந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தரம் 1 கதைதான் பொருந்தும், திகதி அதைச் சொல்லாது. பெயருக்குப் பதில் முயல், மயில், ஆமை என்று படம் தெரியட்டும். வீட்டுப் பெயர் வேண்டுமென்றால் போனுக்குள்ளேயே சேமியுங்கள். பாடசாலையின் பெயரை எடுத்தே விடுங்கள். ஒரு பிள்ளையின் பெயரும் வயதும் பாடசாலையும் குரலும் ஒரே வரிசையில் கிடக்கிற தரவுத்தளம் கசிந்தால், யாழ்ப்பாணம் போன்ற சின்ன ஊரில் அந்தப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். வாசிப்புக் கணக்கும் போனிலேயே இருக்கலாம். ஐந்தில் நான்கு போய்விட்டது, மிச்சம் குரல்.

நீங்கள் எழுதாத ஆறாவது ஒன்றும் இருக்கிறது, ஒவ்வொரு போனுக்கும் உள்ள விளம்பர அடையாள இலக்கம். நீங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பாவனைப் புள்ளிவிவரத்துக்கோ விளம்பரத்துக்கோ நீங்கள் சேர்த்த நூலகம் அதற்கான அனுமதியைத் தானே செயலிக்குள் கொண்டுவந்து வைத்துவிடும். உங்கள் கோப்பில் அந்த வரி இருக்காது. ஆன்ட்ரோயிட் ஸ்டூடியோவில் `AndroidManifest.xml` கோப்பைத் திறந்து, கீழே உள்ள `Merged Manifest` தாவலைப் பாருங்கள், எல்லா நூலகங்களும் சேர்ந்த பிறகு உண்மையில் வெளியாகும் வடிவம் அங்கேதான் தெரியும். அதில் `AD_ID` இருந்தால், உங்கள் கோப்பின் `manifest` உறுப்பில் `xmlns:tools="http://schemas.android.com/tools"` இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இப்படி அகற்றலாம்:

```xml
<uses-permission
    android:name="com.google.android.gms.permission.AD_ID"
    tools:node="remove" />
```

சிறுவருக்கு மட்டுமான செயலி இந்த இலக்கத்தை அனுப்பக் கூடாது என்பது கூகிள் பிளேயின் குடும்பக் கொள்கையிலேயே இருக்கிறது. இது வெறும் இலக்கம்தானே என்று பலர் கேட்பார்கள். அமெரிக்காவின் சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டம், சுருக்கமாகக் கொப்பா என்பார்கள், 1998இல் வந்தது, 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கானது. ஒரு பிள்ளையைக் காலப்போக்கில் வெவ்வேறு செயலிகளில் அடையாளம் காணப் பயன்படும் இலக்கத்தை 2013 முதல் அதுவும் தனிப்பட்ட தகவல் என்றே கணக்கில் எடுக்கிறது. 2020இல் ஹைப்பர்பியர்ட் என்ற செயலி நிறுவனத்தின் மேல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது இதற்காகத்தான். பிள்ளைகளைக் கவரும் விளையாட்டுகளில் விளம்பர வலையமைப்புகள் இந்த இலக்கங்களைத் திரட்ட, பெற்றோரைக் கேட்காமல் விட்டார்கள். பெயரோ படமோ திருடப்பட்டது என்பதல்ல குற்றச்சாட்டு. நான் சந்திக்கும் சின்னக் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடமும் இதுவே.

"நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறோம், அமெரிக்கச் சட்டம் எங்களை என்ன செய்யும்" என்று நினைப்பீர்கள். செயலியை உலகம் முழுக்க வெளியிட்டால் நியூ ஜேர்சியில் இருக்கும் பிள்ளையும் இறக்கும். அந்தச் சட்டம் பார்ப்பது செயலி யாரை நோக்கியது என்பதை, செய்தவர் எங்கே இருக்கிறார் என்பதை அல்ல. லண்டன் பிள்ளைக்கு அங்கத்தைய எல்லையும் 13. கனடாவின் தனியுரிமை ஆணையாளரும் 13க்குக் கீழே பிள்ளை தானாக அர்த்தமுள்ள ஒப்புதல் தர முடியாது, பெற்றோரே தரவேண்டும் என்ற நிலைப்பாட்டில் இருக்கிறார். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையின் தரவை விசேட வகைத் தரவு என்று வைத்து, பிள்ளைக்காகப் பெற்றாரோ சட்டபூர்வ பாதுகாவலரோ ஒப்புதல் தரவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் கட்டங்கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. இன்றைக்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பதற்காக அதை விட்டுவிட்டுக் கட்டினால், பிறகு பழைய பிள்ளைகள் எல்லோரிடமும் திரும்பப் போய் ஒப்புதல் கேட்க வேண்டி வரும். நாட்டுக்கு நாடு வேறு பதிப்பு வைக்கிற அளவுக்கு நீங்கள் இருவரும் பெரிய நிறுவனமும் இல்லை. கடுமையானதைப் பார்த்து ஒரே வடிவமாகக் கட்டுங்கள்.

இந்த இடத்தில் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்லுவார்கள்: பிளே கொன்சோலில் `Target audience and content` பகுதியில் 13 வயதுக்கு மேல் என்று தெரிவு செய்துவிடு, தொல்லை இல்லை என்று. முயல் குட்டி படமும் "அ, ஆ" என்ற எழுத்தும் போட்ட செயலியில் அதைச் செய்யாதீர்கள். படம், பாத்திரம், மொழி எல்லாவற்றையும் பார்த்துத்தான் செயலி யாரை நோக்கியது என்று முடிவு செய்வார்கள்.

சரி, குரல். கொப்பாவில் பிள்ளையின் குரல் உள்ள ஒலிக்கோப்பே தனிப்பட்ட தகவல், பெயர் சேர்ந்திருக்கத் தேவையில்லை. இதில் உங்களுக்கு வசதியான ஒரு பிளவு உண்டு. பிள்ளை வாசித்ததைப் போனிலேயே பதிந்து, தானே திரும்பக் கேட்டு, மறுபடி வாசிப்பது ஒரு வேலை. ஆசிரியைக்கு அனுப்புவது இன்னொரு வேலை. முதலாவதில் எதுவும் வெளியே போகவில்லை. அதனால் கதை, பதிவு, திரும்பக் கேட்பது எல்லாம் ஒப்புதல் இல்லாமலே திறந்திருக்கட்டும். "ரீச்சருக்கு அனுப்பு" என்ற பொத்தானில் மட்டும் பெற்றோரைக் கேளுங்கள். தொடக்கத் திரையில் கேட்டால் எந்தத் தாய்க்கும் எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரியாது. பிள்ளை மூன்று கதை வாசித்த பிறகு, "இதை ரீச்சர் கேட்கலாமா அம்மா" என்று வந்து நிற்கும்போது புரியும். தாய் வேண்டாம் என்றால் கதைகள் பூட்டப்படக் கூடாது. தேவைக்கு மேல் தகவல் தந்தால்தான் விளையாடலாம் என்று பிள்ளைக்கு நிபந்தனை போடுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

கேட்கும் முறையைப் பற்றி. "7 × 8 எவ்வளவு" என்று கேட்டு, சரியாகச் சொன்னால் பெரியவர் என்று எடுத்துக்கொள்ளும் திரையைப் பல செயலிகளில் பார்த்திருப்பீர்கள். என் தங்கையின் மகன் தரம் 4. அவனுடைய அப்பா கல்குலேற்றரை எடுப்பதற்குள் அவன் விடையைப் போட்டுவிடுவான். அந்தத் திரைக்கு ஒரு பயன் உண்டு: வெளி இணைப்பு, கட்டணம், அமைப்புகள் ஆகியவற்றின் முன்னால் வைத்தால் சின்னப் பிள்ளை தவறுதலாக உள்ளே போகாது. அது தடுப்பு வேலி. ஒப்புதல் என்று அதைக் கணக்கில் எழுத முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டு வழி. ரியூசன் நிலையப் பிள்ளைகளுக்குத் தாள் படிவம். பழைய முறைதான், ஆனால் பெற்றோர் கையெழுத்திட்டுத் திருப்பித் தரும் படிவம் கொப்பாவே ஏற்கும் வழிகளில் ஒன்று. நிலையத்தில் மாதக் காசு கட்ட வரும் தாயிடம் ஒரு பக்கத் தாளைக் கொடுத்து, அதில் உள்ள ஆறு இலக்கக் குறியீட்டைச் செயலியில் போட்டால் அனுப்பும் பொத்தான் திறக்கட்டும். குறியீட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிடும் ரியூசன் மாஸ்ரர்மார் இருப்பார்கள். ஆகவே கையெழுத்திட்ட படிவம் உங்கள் கைக்கு வந்த பிறகே அந்தக் குறியீட்டைச் சேர்வரில் உயிர்ப்பியுங்கள்.

ரொறன்ரோ, லண்டன் பெற்றோருக்கு மின்னஞ்சல். அவர்களுக்கு அறிவித்தல் அனுப்பி, அவர்கள் சம்மதம் என்று பதில் தந்த பிறகு, ஓரிரு நாள் கழித்து "நீங்கள் இப்படிச் சம்மதித்திருக்கிறீர்கள், மாற்ற விரும்பினால் இங்கே" என்று இரண்டாவது மின்னஞ்சல் போகவேண்டும். இந்த இலகுவான முறை, குரல் உங்கள் குழுவுக்குள் மட்டும் இருக்கும்வரைதான் செல்லும். ஆசிரியை உங்களோடு வேலை செய்பவர் என்பதால் சரி. நாளைக்கு அந்தப் பதிவுகளைக் குரல் அறியும் மென்பொருள் செய்யும் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் இது போதாது. அவர்கள் மாதக் கட்டணம் கட்டப் போகிறார்கள் என்றால், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அட்டைக்காரருக்கு அறிவித்தல் போகும் அட்டைக் கட்டணமே ஒப்புதல் வழியாகவும் நிற்கும். ஆனால் அட்டை ஏற்கனவே சேமித்துக் கிடக்க, பிள்ளை கடவுச்சொல்லைத் தட்டி வாங்குவது அந்தக் கணக்கில் வராது.

நம் ஊரில் வரும் ஒரு சிக்கலை முன்பே யோசித்து வையுங்கள். தாய் தகப்பன் வெளிநாட்டில், பிள்ளை கொக்குவிலில் அம்மம்மாவோடு. படிவத்தில் அம்மம்மா கையெழுத்து வைப்பா. அவ பிள்ளையை வளர்ப்பவ, ஆனால் நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் இல்லையென்றால் சட்டம் கேட்கும் ஆள் அவ அல்ல. அதனால் படிவத்தில் "பிள்ளைக்கு நீங்கள் யார்" என்று ஒரு வரி இருக்கட்டும். தாயும் தகப்பனும் அல்ல என்றால், அவர்களில் ஒருவருடைய மின்னஞ்சலைக் கேட்டு இரண்டாவது வழியில் எடுங்கள். குறித்த காலத்துக்குள், இரண்டு கிழமை என்று வையுங்கள், பதில் வரவில்லையென்றால் அந்த மின்னஞ்சல் முகவரியை அழித்துவிட வேண்டும். ஒப்புதல் கேட்கத்தான் அதை வாங்கினீர்கள், செய்திமடல் அனுப்ப அல்ல.

அறிவித்தலை வழக்கறிஞர் தமிழில் எழுத வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "உங்கள் பிள்ளை வாசித்த பதிவை எங்கள் ஆசிரியை மட்டும் கேட்பார். திருத்தம் அனுப்பி 30 நாளில் பதிவு அழிக்கப்படும். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம், விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம். எப்போது வேண்டுமானாலும் பெற்றோர் பக்கத்தில் 'அழி' என்பதை அழுத்தலாம். சம்மதிக்காவிட்டாலும் கதைகள் எல்லாம் வாசிக்கலாம்." இவ்வளவும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். 30 நாள் என்று எழுதினால் சேர்வரில் தினமும் ஓடும் ஒரு வேலை அதை அழிக்க வேண்டும், காப்புப் பிரதியிலிருந்தும். அமேசான் அலெக்சா 2023இல் 2.5 கோடி டொலர் கட்டச் சம்மதித்த வழக்கின் மையமே பிள்ளைகளின் குரல் பதிவுகளைத் தேவைக்கு மேல் வைத்திருந்ததும், பெற்றோர் அழிக்கச் சொல்லியும் முழுதாக அழிக்காததும்தான்.

இனி விளம்பரம். பிள்ளை என்ன பார்க்கிறது, எங்கே தட்டுகிறது என்று தொடர்ந்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுவதை மறந்துவிடுங்கள். கூகிள் பிளேயின் கொள்கை சிறுவருக்கு அதை விடாது. இந்தியாவின் 2023 தரவுச் சட்டம் 18 வயது வரை அதைத் தடுக்கிறது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உங்கள் கதையை வாசிக்கக்கூடும். மிஞ்சுவது, ஆளைப் பார்க்காமல் செயலியைப் பார்த்துக் காட்டும் விளம்பரம். அட்மொப் பாவித்தால் இவ்வளவு எழுத வேண்டும்:

```kotlin
val config = MobileAds.getRequestConfiguration().toBuilder()
    .setTagForChildDirectedTreatment(
        RequestConfiguration.TAG_FOR_CHILD_DIRECTED_TREATMENT_TRUE)
    .setMaxAdContentRating(
        RequestConfiguration.MAX_AD_CONTENT_RATING_G)
    .build()
MobileAds.setRequestConfiguration(config)
MobileAds.initialize(this)
```

வரிசையைக் கவனியுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு குழுவில், பெயர் வேண்டாம், விளம்பரத்தை முதலில் வரவழைத்துவிட்டு, சிறுவருக்கானது என்ற அடையாளத்தைப் பிறகு வைத்திருந்தோம். செயலி திறந்ததும் வரும் முதல் விளம்பரம் மட்டும் பெரியவர்களுக்கானதாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதிலிருந்து சரி என்பதால் யாருக்கும் தெரியவில்லை, ஒரு தகப்பன் திரையைப் படம் பிடித்து அனுப்பும்வரை. அப்புறம், அட்மொப் வழியாக வேறு வலையமைப்புகளையும் இணைத்தால் இந்த அடையாளம் அவற்றுக்குப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஒவ்வொன்றும் கூகிளின் குடும்பக் கொள்கைக்குச் சுயசான்று அளித்த விளம்பர நூலகங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. சோதனைப் போனின் அமைப்புகளில் விளம்பர இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். செயலியின் சோதனைப் பதிப்பை, `mitmproxy` போன்ற கருவியின் சான்றிதழை நம்பும்படி அமைத்து, அந்தக் கருவியின் ஊடாக இயக்கி, பத்து நிமிடம் பிள்ளை மாதிரி விளையாடுங்கள். பிறகு வெளியே போன அத்தனையிலும் அந்த இலக்கத்தைத் தேடுங்கள். ஒரு இடத்திலாவது கிடைத்தால், எந்த முகவரிக்குப் போனது என்பதிலிருந்து எந்த நூலகம் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் எனக்கு இந்த வழியில் பெரிய விருப்பம் இல்லை. எந்த விளம்பரம் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. சிறுவர் அடையாளம் வைத்ததும் போட்டியிடும் விளம்பரங்கள் குறைந்து வருமானமும் குறையும். யாழ்ப்பாணத்தில் ஓரிரு ஆயிரம் பிள்ளைகள் பாவித்தால் சேர்வர் செலவில் ஒரு மூலைகூட நிறையாது. அதைவிட, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு, கதையில் வரும் முயலும் விளம்பரத்தில் வரும் முயலும் வேறு வேறு நோக்கத்தோடு பேசுகின்றன என்பது பிடிபடாது. "முயலைக் காப்பாற்ற விளம்பரம் பார்" என்ற வகையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெற்றோர் பக்கத்தில் மட்டும், அந்தப் பெருக்கல் கேள்விக்குப் பின்னால், ஒரு அனுசரணையாளர் இடம் வைப்பேன். ரவுணில் புத்தகக் கடை வைத்திருக்கும் ஒருவர், பள்ளிப் பை விற்கும் ஒருவர். படம் செயலிக்குள்ளேயே பொதிந்திருக்கும், வெளியே எதையும் கேட்காது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஆளாளுக்கு எண்ணாது, மேலே "விளம்பரம்" என்று தெளிவாக எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கலாம். கடைக்காரர் "எத்தனை பேர் தட்டினார்கள்" என்று கேட்பார். படத்தில் ஒரு கழிவுக் குறியீடு போட்டுவிடுங்கள், கடையில் எத்தனை பேர் அதைச் சொன்னார்கள் என்று அவரே எண்ணிக்கொள்வார். ஆசிரியை திருத்தும் பகுதிக்கு வெளிநாட்டுக் குடும்பங்களிடம் மாதக் கட்டணம் வாங்குங்கள். ஆசிரியைக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வரவேண்டும்.

கடைசியாக அந்தத் தாள் படிவங்கள். அவற்றிலும் பிள்ளையின் பெயரும் தாயின் கையெழுத்தும் இருக்கும். ரியூசன் நிலையத்து மேசையில் கொப்பிகளோடு கிடக்க விடாமல், கிழமைக்கு ஒருமுறை நீங்களே போய் எடுத்து வந்து பூட்டி வையுங்கள். அந்தப் பிள்ளை செயலியை விட்டுப் போனால் குரலை அழிக்கும் அதே நாளில் படிவத்தை என்ன செய்வது என்பதை மட்டும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு முடிவெடுங்கள். ஒப்புதல் வாங்கியதற்கு ஆதாரம் அதுதான் என்பதால் அவசரப்பட்டு எரித்துவிட வேண்டாம்.